தெறித்து ஓடாமல் வெளிச் சர்க்ளிப்பைக் கழற்றுவது எப்படி

பங்குனி மாதம். பிசான அறுவடை முடிந்து ஊரெல்லாம் புது அரிசி. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு மாவு மில்லில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் புல்லி இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. புல்லியைக் கழற்ற வேண்டும் என்றால் அதன் முன்னால் ஷாஃப்ட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு சர்க்ளிப்பை எடுத்தால் போதும். எங்கள் பக்கம் பட்டறையில் பலரும் அதை 'லாக்' என்றே சொல்வார்கள். இந்த ஒரு லாக்கைக் கழற்றியதை அப்படியே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தடுமாறுவதும், அடிபடுவதும் இதில்தான்.

வெளிச் சர்க்ளிப் என்பது ஸ்பிரிங் எஃகில் வெட்டிய, ஒரு பக்கம் திறந்த வளையம். திறப்பின் இரு பக்கமும் இரண்டு காதுகள், காதுக்கு ஒன்றாக இரண்டு ஓட்டைகள். ஷாஃப்ட்டைச் சுற்றிக் கடைந்த காடிக்குள் அது கவ்விப் பிடித்து உட்கார்ந்திருக்கும். பேரிங்கோ கியரோ வெளியே நகராமல் நிறுத்தும். உள் சர்க்ளிப் இதற்கு நேர்மாறு. அது ஓட்டைக்குள் இருந்து வெளிப்புறமாக விரிந்து பிடிக்கும். இந்தக் கட்டுரை வெளிச் சர்க்ளிப்பைப் பற்றி மட்டும்.

அது ஏன் தெறிக்கிறது என்று தெரிந்துவிட்டால் தெறிக்காமல் கழற்றுவது பாதி வந்துவிடும். நம் மில்லில் இருந்த 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். இந்த அளவுக்கு உள்ள புதுச் சர்க்ளிப்பை மேசையில் சும்மா வைத்து அளந்தால் உள்விட்டம் 23.2 மில்லிமீட்டர் இருக்கும். காடியின் அடிவிட்டம் 23.9. அதாவது காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது கொஞ்சம் விரிந்துதான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க 25-க்கு மேல் விரிக்க வேண்டும். விரிக்க விரிக்க, மறுபடி சுருங்கத் துடிக்கிற விசை அதற்குள் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் பிளையரின் ஊசி ஒரு காதிலிருந்து நழுவினால், வளையம் ஒரு நொடியில் சுருங்கும். ஷாஃப்ட்டின் மேல் முழுசாக இருந்தால் அங்கேயே கவ்விக்கொள்ளும், பயமில்லை. ஆனால் ஷாஃப்ட்டின் நுனியில் சரிவாகத் தேய்த்து விட்டிருப்பார்களே, அந்த இடத்தில் பாதி ஏறிய நிலையில் நழுவினால், ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலால் நெரித்தால் எப்படிப் பாயுமோ அப்படிப் பாயும். அது பாயும் திசை பெரும்பாலும் ஷாஃப்ட்டின் நேர்கோடு. நாம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற திசையும் அதுதான்.

வேலைக்கு வந்த முதல் வருஷத்தில் எனக்கு அது இடது புருவத்தில் பட்டது. ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தால் கண். அன்றைக்கு என் கையில் இருந்தது வெளிச் சர்க்ளிப் பிளையர்தான், ஆனால் அந்த லாக்கின் அளவுக்குப் போதாத மெல்லிய ஊசிப் பிளையர். அதனால்தான் பிளையரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தப் பிளையர்

முதலில் வெளியா உள்ளா என்று பாருங்கள். கைப்பிடியை அமுக்கினால் ஊசி முனைகள் விலக வேண்டும். அதுதான் வெளிச் சர்க்ளிப்புக்கு உரியது. அமுக்கும்போது முனைகள் ஒன்றுசேர்ந்தால் அது உள் சர்க்ளிப்புக்கானது. கடையில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்கும், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கையில் வாங்கி ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அடுத்தது ஊசியின் தடிமன். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வெளிச் சர்க்ளிப் பிளையர்கள் அளவு வாரியாக வருகின்றன. ஏ1 என்று பொறித்தது 10 முதல் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டுக்கு. அதன் ஊசி 1.3 மில்லிமீட்டர். ஏ2 என்று பொறித்தது 19 முதல் 60 வரை, ஊசி 1.8. நம் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் இரண்டுக்கும் வரும். ஏ1-ஐயும் வைக்கலாம், ஏ2-வையும் வைக்கலாம் என்று அட்டையைப் பார்த்தால் தோன்றும். ஆனால் 25-க்கான சர்க்ளிப்பின் காது ஓட்டை 2 மில்லிமீட்டர். 1.8 ஊசி அதில் ஏறக்குறைய நிறைந்து உட்காரும். 1.3 ஊசி உள்ளே ஆடும். விசை ஏறியதும் மெல்லிய ஊசி வளையும், ஓட்டைக்குள் சாயும், சாய்ந்த ஊசியின் மேல் காது சறுக்கிக்கொண்டே நுனிக்கு வரும். என் புருவத்தில் பட்டது இப்படித்தான். ஆகவே இரண்டு அளவும் பொருந்துகிற இடத்தில் பெரியதை எடுங்கள். அளவு அட்டை கையில் இல்லையென்றால், ஓட்டைக்குள் தடையில்லாமல் போகிறவற்றில் தடித்த ஊசி எதுவோ அதுவே சரி.

நாலு விதத் தலையை மாற்றி மாட்டுகிற செட் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும். சிறு சாமான்களில் மெல்லிய லாக்குகளுக்கு அது பரவாயில்லை. இந்தத் தடிமனுக்கு நான் அதை எடுக்கமாட்டேன். தலை மாட்டுகிற இணைப்பிலேயே ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் ஊசி நுனிக்கு வரும்போது இரட்டிப்பாகத் தெரியும்.

நேர் ஊசியா, வளைந்த ஊசியா என்பது இடத்தைப் பொறுத்தது. நேர் ஊசிப் பிளையரைப் பிடித்தால் கைப்பிடி ஷாஃப்ட்டின் நேர்கோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் சுவரோ சட்டமோ தடுத்தால், 90 பாகை வளைந்ததை எடுங்கள். எங்கள் மில்லில் முன்னால் இரண்டடி இடம் இருந்தது, நேர் ஊசியே போதுமானதாக இருந்தது. இடம் இருந்தால் நேர் ஊசிதான் நல்லது. விசை நேராகப் போகும், ஊசி முழுசாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசியாக, ஊசி முனையை விரலால் தடவிப் பாருங்கள். நுனி மழுங்கிப்போய் உருண்டிருந்தாலும், ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் இருந்தாலும் அந்தப் பிளையரை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கிரைண்டரில் லேசாகத் தீட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். தீட்டினால் ஊசி கூம்பாகிவிடும். கூம்பான ஊசியில் காது தானாகவே நழுவும்.

மூக்குப் பிளையர், இரண்டு திருப்புளி, குறடு ஆகியவற்றால் சர்க்ளிப்பைக் கழற்றுவதை எல்லாப் பட்டறையிலும் பார்த்திருப்பீர்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை வந்துவிடும் என்பதும் உண்மைதான். வந்த எட்டிலும் வளையம் கோணிப்போயிருக்கும், காடியின் விளிம்பு நசுங்கியிருக்கும். மீதி இரண்டு தடவை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

தொடுவதற்கு முன்

மில்லில் மூன்று பேஸ் கரண்ட். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுவிட்சை மட்டும் இறக்கினால் போதாது, மாவு அரைக்க வந்த யாராவது "கரண்ட் வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே தூக்கிவிடுவார்கள். அப்புறம் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினேன்.

அடுத்தது, மாவு மில்லுக்கே உரிய ஒரு காரியம். அரிசி கொட்டுகிற தொட்டியின் வாயையும் மாவு விழுகிற இடத்தையும் துணி போட்டு மூடிக் கட்டினேன். சர்க்ளிப் தெறித்து அதற்குள் விழுந்துவிட்டால், ஒன்று அரைகல் போகும், இல்லையென்றால் ஒருவருடைய மாவில் எஃகுத் துண்டு கலந்து போகும். வேறு இயந்திரத்தில் வேலை செய்தாலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பாய்ந்தால் எந்தத் திறந்த வாய்க்குள் விழக்கூடாது? கியர் பெட்டியாக இருந்தால் அதன் திறப்பு, மோட்டாராக இருந்தால் அதன் ஜன்னல். முதலில் அதை மூடுங்கள்.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி. வெறும் மூக்குக் கண்ணாடி போதாது. ஷாஃப்ட்டின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. கூட வந்திருந்த பையன் ஆர்வத்தில் எதிரே வந்து குந்தினான். "எலே தம்பி, பாக்கணும்னா பக்கத்துல நின்னு பாரு, நேர நிக்காத" என்று நகர்த்தினேன். நமக்கும் அதேதான். நேர் ஊசிப் பிளையரில் கை ஷாஃப்ட்டுக்கு முன்னால்தான் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் முகம் பக்கவாட்டில் இருக்கலாம்.

காதைச் சுத்தம் செய்வது

இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான். மில்லில் மாவுத்தூசி எங்கும் படியும். அது பேரிங்கிலிருந்து கசிகிற கிரீஸோடு சேர்ந்து நாளாக நாளாகப் பசைபோல இறுகிவிடும். காது ஓட்டைகள் இரண்டும் அந்தப் பசையால் அடைத்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை இருப்பது தெரிகிறது, ஊசியும் கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் சர்க்ளிப்பின் தடிமன் 1.2 மில்லிமீட்டர்தான். அதில் பாதி ஆழத்துக்கு மட்டும் ஊசி இறங்கினால் அரை மில்லிமீட்டர் எஃகுதான் முழு விசையையும் தாங்குகிறது. பிளையர் சரியாக இருந்தும் நழுவுகிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

மில்லில் சாக்கு தைக்கிற கோணி ஊசி இருந்தது. அதை வாங்கி ஓட்டை இரண்டையும் குத்திக் குடைந்தேன். காய்ந்த பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊசியின் முனை பின்னால் பேரிங் முகத்தில் 'டிக்' என்று முட்டுகிற வரை குடைய வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டை முழு ஆழத்துக்குத் திறந்துவிட்டது. பிறகு வளையத்தையும் காடியின் ஓரத்தையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். கடைசியில் காய்ந்த துணியால் காதுகளை மட்டும் நன்றாகத் துடைத்தேன். காதிலும் பிளையர் ஊசியிலும் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. காடியில் எண்ணெய் இருந்தால் நல்லது, ஊசியில் இருந்தால் கெடுதல்.

துரு ஏறிய சர்க்ளிப்பாக இருந்தால், துரு இளக்கும் எண்ணெயைக் காடி முழுவதும் விட்டுப் பொறுமையாக ஒரு மணி நேரமாவது விடுங்கள். தாமிரபரணிக் கரையோரத் தோட்டங்களில் பம்புசெட் வேலைக்குப் போனால் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலமே எண்ணெய் விட்டுவிட்டு மறுநாள் காலையில் பிளையரைத் தொடுவது என் வழக்கம்.

சும்மா இருக்கிறதா, சுமை தாங்குகிறதா

பிளையரை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சர்க்ளிப்புக்குக் காடியின் அகலம் 1.3. இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறவரை வளையம் பக்கவாட்டில் இறுகாது. காடியைக் கவ்விக்கொண்டிருந்தாலும், ஒரு காதின் ஓரத்தில் சின்னத் திருப்புளியை வைத்து மெதுவாகத் தட்டினால் கொஞ்சம் சுழன்று நகர வேண்டும். நகர்ந்தால், பின்னாலிருந்து எதுவும் அதைத் தள்ளவில்லை என்று அர்த்தம்.

எங்களுடையது நகரவில்லை. பசையைத் துடைத்த பிறகும் நகரவில்லை. உற்றுப் பார்த்தபோது பேரிங்குக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவில் ஒரு வாஷர் தெரிந்தது. முன்பு வேலை பார்த்தவர் புல்லியின் ஆட்டத்தை நிறுத்த அதைப் போட்டு, இறுக்கித் தள்ளி லாக்கை மாட்டியிருக்கிறார். பேரிங் வாஷரைத் தள்ளுகிறது, வாஷர் சர்க்ளிப்பைக் காடியின் வெளிச்சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. இந்த நிலையில் பிளையரை வைத்து விரித்தால் இரண்டு கெடுதல். உராய்வையும் சேர்த்து வெல்ல வேண்டியிருப்பதால் ஊசியில் வழக்கத்தைவிட அதிக விசை ஏறும். அதோடு, வளையம் காடியின் விளிம்பைத் தாண்டிய நொடியில் பின்னாலிருக்கிற அழுத்தம் அதை வெளியே உந்தித் தள்ளும். கிளட்ச் மாதிரி, உள்ளே அமுங்கிய ஸ்பிரிங் இருக்கிற இடங்களில் இது இன்னும் மோசம். அங்கே சாமான் முழுவதும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வெளியே வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பிரிங்கைக் கிளாம்பால் அமுக்கிப் பிடிக்காமல் சர்க்ளிப்பைத் தொடவே கூடாது.

இங்கே ஸ்பிரிங் இல்லை. புல்லியின் நடுக்குடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் சுத்தியலால் லேசாக உள்பக்கம் தட்டினேன். இப்படித் தட்டினால் அடி பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் போகும். நல்ல பேரிங்காக இருந்தால் இதைச் செய்யமாட்டேன். எப்படியும் மாற்றப்போகிற பேரிங் என்பதால் செய்தேன். நாலாவது தட்டில் புல்லி ஒரு மயிரிழை உள்ளே போனது. திருப்புளியை வைத்துத் தட்டினேன், சர்க்ளிப் நகர்ந்தது. அப்படியே அதைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி, திறப்பு எனக்கு வசதியாக மேல்பக்கம் வருமாறு வைத்துக்கொண்டேன்.

கழற்றுவது

பழைய சாரத்திலிருந்து கிழித்த ஒரு முழத் துணி வைத்திருப்பேன். அதைப் புல்லிக்கும் ஷாஃப்ட் நுனிக்கும் மேலாக முக்காடுபோல் போட்டு, முன்பக்கம் தொங்கவிட வேண்டும். காது மட்டும் தெரிகிற அளவுக்கு மேல்பக்கத்தை ஒதுக்கிக்கொள்ளலாம். நழுவிப் பாய்ந்தாலும் துணியில் முட்டிக் கீழே விழும். துணி தளர்வாகத் தொங்க வேண்டும். இழுத்துக் கட்டினால் அதிலிருந்தும் எகிறும். துணி கண்ணை மறைக்கிறது என்று தோன்றினால், துணிக்கடையில் தருகிற பெரிய கண்ணாடிக் கவரை எடுத்து, கையையும் பிளையரையும் அதற்குள் விட்டு வேலை செய்யலாம். முதல் சில தடவைகளுக்கு அதுவே நல்லது, நடப்பது எல்லாம் தெரியும்.

பிளையரின் ஊசிகளை இரண்டு ஓட்டையிலும் வைத்து, பின்னால் முட்டுகிறவரை இறக்குங்கள். பிளையர் ஷாஃப்ட்டுக்கு நேராக நிற்க வேண்டும். மேலேயோ கீழேயோ சாயக்கூடாது. இப்போது கைப்பிடியை மெல்ல அமுக்கி, விசை ஏற ஆரம்பித்த உடனே நிறுத்துங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு பாருங்கள். ஊசிகள் ஓட்டைக்குள் நேராக இருக்கின்றனவா, காது பிளையரின் தோளைத் தொட்டபடி இருக்கிறதா, இல்லை நுனிப்பக்கம் நகர்கிறதா? நகர்ந்தால் உடனே தளர்த்துங்கள். இந்த இடத்தில் விட்டால் ஒன்றும் ஆகாது, வளையம் காடிக்குள்தான் இருக்கிறது. திரும்பச் சுத்தம் செய்து மறுபடி வைக்கலாம். தெறிப்பதில் முக்கால்வாசி இந்த முதல் கடியைச் சரிபார்க்காமல் ஒரே மூச்சில் அமுக்குவதால் நடக்கிறது.

கடி சரியாக இருந்தால் தொடர்ந்து அமுக்குங்கள். எவ்வளவு விரிக்க வேண்டும்? காடியின் விட்டத்துக்கும் ஷாஃப்ட்டின் விட்டத்துக்கும் வித்தியாசம் 1.1 மில்லிமீட்டர். விட்டம் அவ்வளவு கூட வேண்டுமானால், சுற்றளவுக் கணக்குப்படி திறப்பு மூன்றரை மில்லிமீட்டர் அகல வேண்டும். காதுகள் வெளியே தள்ளி இருப்பதால் ஊசிகளுக்கு நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிளகின் அகலம், அவ்வளவுதான். அதற்கு மேல் விரித்தால் எஃகு தன் ஸ்பிரிங் எல்லையைத் தாண்டி அப்படியே நின்றுவிடும். சில பிளையர்களில் கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு ஸ்டாப்பர் ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகி, இவ்வளவுக்கு மேல் விரியாதபடி முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம்.

விரிந்த வளையம் தானாக வெளியே வராது. காதுப்பக்கம் காடியை விட்டு எழும்பியிருந்தாலும் எதிர்ப்பக்கம் இன்னும் காடிக்குள் குந்தியிருக்கும். அவசரப்பட்டுக் காதுப்பக்கத்தை மட்டும் முன்னால் இழுத்தால் வளையம் சாய்ந்து ஷாஃப்ட்டில் சிக்கிக்கொள்ளும். பிளையரை அதே அமுக்கலில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலைத் துணிக்கு வெளியிலிருந்து வளையத்தின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கத்தை மெல்ல முன்னோக்கித் தள்ளுங்கள். வளையம் முழுவதும் காடியிலிருந்து ஷாஃப்ட்டின் மேல் ஏறுவது கைக்குத் தெரியும். எங்களுடையது லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னத் திருப்புளியின் நுனியால் அடிப்பக்கத்தை ஒரு நெம்பு கொடுத்ததும் வந்தது. திருப்புளி அந்த ஒரு நெம்புக்குத்தான்.

இப்போது வளையத்தை நேராக வைத்து, ஷாஃப்ட்டின் வழியாக நுனிக்குக் கொண்டு வாருங்கள். கட்டைவிரல் அடிப்பக்கத்தை விடாமல் கூடவே வர வேண்டும். நுனிச் சரிவுக்கு வரும்போது கவனம் அதிகம் வேண்டும். அந்த இடத்தில் கை தளர்ந்தால் நான் முன்னால் சொன்ன புளியங்கொட்டைப் பாய்ச்சல்தான். "வந்துட்டு" என்ற எண்ணம் தலையில் வந்தவுடன் கை தானாகவே பிடியை விடும். அதைத் தெரிந்தே தடுக்க வேண்டும். ஷாஃப்ட்டை விட்டு வெளியே வந்த பிறகும் வளையம் பிளையரில் விரிந்தபடிதான் இருக்கிறது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டாதீர்கள். துணியோடு சேர்த்து வளையத்தை மூடிப் பிடித்து, அதற்குள்ளேயே கைப்பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். விசை முழுவதும் இறங்கிய பிறகு ஊசிகளை உருவுங்கள்.

அப்படியும் தெறித்துவிட்டால், உடனே எழுந்து நடக்காதீர்கள். சத்தம் எங்கே கேட்டது என்று ஒரு நொடி யோசியுங்கள். தகரத்தில் பட்டதா, தரையில் பட்டதா? பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கவரில் சுற்றித் தரை முழுவதும் தடவினால் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் காந்தத்தைப் பேரிங்குக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பேரிங் காந்தமேறினால் இரும்புத்தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். மாவு மில்லில் சர்க்ளிப் கிடைக்காமல் மில்லை ஓட்டக்கூடாது. வேறு இடங்களில் புதுசைப் போட்டுக்கொள்ளலாம், இங்கே காணாமல் போனதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

எடுத்த பிறகு

கழற்றியதை உடனே குப்பையில் போடாமல் வெர்னியரில் அளந்து பாருங்கள். எங்களுடையது சும்மா இருந்த நிலையில் உள்விட்டம் 24.1 இருந்தது. புதுசு 23.2, காடி 23.9 என்று சொன்னேன் அல்லவா? காடியைவிடப் பெரிதாக இருக்கிறது என்றால், அது காடியைக் கவ்வவே இல்லை. வாஷர் தள்ளியதால்தான் அசையாமல் நின்றிருக்கிறது. மாட்டியவரோ முன்பு கழற்றியவரோ தேவைக்கு மேல் விரித்துவிட்டார். வாஷர் போட்டு இறுக்கும்படி ஆனதும் இந்தத் தளர்ச்சியால்தான் என்று நினைக்கிறேன். கழற்றிய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாமல் புதுசு போடுவதே என் வழக்கம். சில ரூபாய்ச் சாமான் அது. கடையில் '25 வெளி லாக்' என்று கேட்டால் தருவார்கள். டிஐஎன் 471 அளவு என்று சேர்த்துச் சொன்னால் தடிமன் மாறாமல் கிடைக்கும்.

காடியின் வெளிவிளிம்பை நகத்தால் வழித்துப் பாருங்கள். நகம் சுத்தமாக மாட்டி நிற்க வேண்டும். விளிம்பு உருண்டு மழுங்கியிருந்தால் புதுச் சர்க்ளிப்பும் சுமை வந்தால் ஏறி வெளியே வந்துவிடும். அப்போது ஷாஃப்ட்டைக் கடைசல் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்களுடையது நன்றாக இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் பிசிறு. மெல்லிய அரத்தால் அதை எடுத்துவிட்டேன்.

திரும்ப மாட்டும்போது பிளையரும் துணியும் கண்ணாடியும் அதேதான், அதே மிளகளவு விரிப்புதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அச்சில் வெட்டிய சர்க்ளிப்புக்கு ஒரு முகத்தின் விளிம்பு லேசாக உருண்டிருக்கும், மறுமுகத்தின் விளிம்பு கூராக இருக்கும். நகத்தில் தேய்த்தால் தெரியும். கூர் முகம் வெளியே பார்க்க வேண்டும், அதாவது பேரிங்குக்கு எதிர்ப்பக்கம். அப்போதுதான் பேரிங் தள்ளும்போது கூரான விளிம்பு காடியின் சுவரில் நன்றாக முட்டி நிற்கும்.

புது 6205 பேரிங்கை ஏற்றி, வாஷரை எடுத்துவிட்டு, புது லாக்கை மாட்டினேன். காடிக்குள் விழும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சத்தத்தை மட்டும் நம்பாமல் திருப்புளியால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தேன். வளையம் எல்லா இடத்திலும் காடியின் அடியில் உட்கார்ந்திருந்தது. காதைத் தட்டினால் நகர்ந்தது, ஆனால் விரலால் மட்டும் தள்ளினால் நகரவில்லை. பெல்ட்டை மாட்டி, தொட்டியின் துணியை அவிழ்த்து, பையிலிருந்த ஃபியூஸ் கட்டைகளைச் சொருகிக் கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டேன். பிறகு மறுபடி கரண்டை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையை உருவி, காதுகள் இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. காத்துக்கொண்டிருந்த முதல் பாத்திரத்து அரிசியைத் தொட்டியில் கொட்டச் சொன்னேன்.